மூதூருக்கு வந்த பிரதி

முதலீட்டின் பெறுமதி கூடவும் கூடும், குறையவும் கூடும். கடந்த காலத்தில் கிடைத்த வருமானம் இனியும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இது வங்கி வைப்பு அல்ல, வைப்புக் காப்புறுதி இதற்குப் பொருந்தாது.

இந்த மூன்று வசனங்களையும் நான்கு வருடங்கள் சொல்லித் திரிந்தவள் நான். திருகோணமலைப் பட்டினத்தில் நான் சொல்லாத மண்டபம் இல்லை. மீன் சந்தையில் சொன்னேன், தையல் நிலையத்தில் சொன்னேன், ஒரு தடவை கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வளையல் கடைக்காரர்களுக்கு வெயிலில் நின்று சொன்னேன். எங்கள் வீட்டில் இது பகிடியாகவே ஆகிவிட்டது. என் கணவர் குழம்புக்கு உப்புப் போடும்போது, "சுவை கூடவும் கூடும், குறையவும் கூடும், உத்தரவாதம் இல்லை" என்பார். நானும் சிரிப்பேன். இப்போது அவர் அதைச் சொல்வதில்லை. ஒரு நாள் சொல்லப்போய் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தின் கைபேசிச் செயலியை மக்களுக்கு விளங்கப்படுத்துவது என் வேலை. செயலியில் இரண்டு பகுதிகள். ஒன்று பணப்பை. அதில் காசைப் போட்டு வைத்துக் கடையில் ஒட்டியிருக்கும் கட்டக் கட்டப் படத்தைக் கைபேசியால் பிடித்துக் காசு கட்டலாம், கரண்ட் பில் கட்டலாம், மகளுக்கு அனுப்பலாம். பணப்பைக் காசு ஒரு வங்கியில் தனியாக வைக்கப்பட்டிருக்கும், போட்ட காசு போட்டபடி இருக்கும், அதற்கு ஒரு சதம் வட்டியும் கிடையாது. மற்றது சேமிப்பு. அந்தப் பெயரில்தான் பிழையே இருக்கிறது. சேமிப்பு என்ற பொத்தானை அமத்தினால் காசு போவது ஒரு கூட்டு முதலீட்டு நிதிக்கு. போட்ட காசுக்கு நிதியில் அலகுகள் தருவார்கள். அலகின் விலை நாளுக்கு நாள் மாறும். திரும்ப எடுக்கவேண்டுமென்றால் இரண்டு மூன்று வேலை நாட்கள் பொறுக்க வேண்டும். அதனால்தான் அந்த மூன்று வசனங்களையும் சொல்லியாக வேண்டும் என்று சட்டம்.

மற்ற ஊர்களில் விளங்கப்படுத்துபவர்கள் அந்த வசனங்களை வானொலியில் மருந்து விளம்பரத்தின் கடைசியில் சொல்வதைப்போல மூச்சு விடாமல் ஓட்டிவிடுவார்கள். நான் அப்படி இல்லை. நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். சொல்லிவிட்டு, "நான் என்ன சொன்னனான்? திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்" என்பேன். பட்டினத்து ஓர்ஸ் ஹில் பகுதியில் ஓய்வு பெற்ற எழுதுவினைஞர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தபோது, குறையவும் கூடும் என்றதும் முன்வரிசையே எழுந்து தேத்தண்ணி மேசைக்குப் போய்விட்டது. எனக்கு அதில் கவலை இல்லை. உள்ளதைச் சொல்வோம், ஓடுபவன் ஓடட்டும் என்பதுதான் என் எண்ணம். மீன் சந்தையில் ஒருவர், "தங்கச்சி, போன் கடலுக்க விழுந்தா காசும் விழுமோ?" என்று கேட்டார். இல்லை, காசு போனுக்குள் இல்லை, அதே இலக்கத்தில் வேறு போன் எடுத்து அடையாள அட்டையைக் காட்டினால் எல்லாம் அப்படியே வரும் என்றேன். "அப்ப என்ர போனை விட உங்கட கொம்பனிதான் விழக்கூடாது" என்றார். அதற்கும் ஓம் என்றேன். இவ்வளவு நேர்மையான விற்பனைக்காரி இந்த மாவட்டத்தில் இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் பிறகு வைத்து விளையாடினார்கள்.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் எங்கள் முகாமையாளர். கொழும்புக்காரர், தமிழர், என்னை விட ஐந்தாறு வயது இளையவர். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை மூன்று நாள் பயிற்சி. அதில் அவர் சொன்னதை நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். "மிஸ், அந்த மூணு வசனத்துல ஒண்ட விட்டாலும், நாளைக்கு அந்தச் சனம் வந்து நிக்கிறது என்ட வாசல்ல இல்ல, உங்கட வாசல்ல. ஊருக்குள்ள இருக்கப் போறது நீங்க." நல்ல மனிதர் என்று நினைத்தேன். என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு கிழமை லீவு தந்தவர். மாதத்துக்கு ஒரு தரம் இங்கே வரும்போது மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் கையால் எத்தனை தடவை நண்டுக்குழம்பு தின்றிருப்பார் என்று எண்ணினால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்படி ஒரு மத்தியானச் சாப்பாட்டில்தான் நான் ராத்தாவின் கதையைச் சொன்னேன்.

ராத்தா மூதூர்க்காரி. இருபது வருடங்களுக்கு முன் பட்டினத்தில் ஒரு கணினி வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. என்னை விட இரண்டு வயதுதான் மூப்பு. ஆனால் அவருடைய ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவரை, அக்காவை முஸ்லிம்கள் சொல்வதுபோல, ராத்தா என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவருக்கு நான் தங்கச்சி. கணினி எங்கள் இருவருக்குமே ஏறவில்லை. அவர் மிளகாயும் மல்லியும் அரைக்கும் ஆலை ஒன்று வைத்து, தூள் பைக்கற்றுகளை மூதூரிலும் கிண்ணியாவிலும் ஈச்சிலம்பற்று வரைக்கும் கடைகளுக்குப் போட்டு முன்னேறினார். மாதர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி.

மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று ராத்தா வட்டி தொடமாட்டார். வியாபாரத்துக்கு வங்கிக் கணக்கு இல்லாமல் முடியாது என்பதால் ஒன்று வைத்திருந்தார். வங்கி அதில் தானாகப் போடும் வட்டியை ஒவ்வொரு வருடமும் கடைசிச் சதம் வரை எடுத்து, இறங்குதுறைப் பக்கம் உள்ள பொதுக் கழிவறையைத் திருத்தக் கொடுத்துவிடுவார். அது தர்மம்கூட இல்லை, அதற்கு நன்மையும் எதிர்பார்க்கக்கூடாது, கையில் பட்ட அழுக்கைக் கழுவுவது மாதிரி என்பார். அந்தக் கழிவறைக்குப் புதுக் கதவு போட்ட வருடம் என்னைக் கூட்டிப் போய்க் காட்டி, "பாருங்க தங்கச்சி, வங்கிக்காரன்ட கதவு" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு ஒரே ஆசை, மக்காவுக்கு உம்றா யாத்திரை போக வேண்டும். அந்தக் காசு முழுக்க முழுக்கத் தன் மிளகாய்த்தூள் காசாக, சுத்தமானதாக இருக்க வேண்டும். வீட்டு அலுமாரியில் வைத்தால் உறவுக்காரர் கைமாற்றுக் கேட்கிறார்கள், வங்கியில் வைத்தால் வட்டி ஏறுகிறது. "என்ட காசுக்கு இருக்க ஒரு இடமில்ல" என்பார்.

இதையெல்லாம் நான் முகாமையாளரிடம் பெருமையாகச் சொன்னேன். என் கூட்டாளி எப்படிப்பட்டவள் பாருங்கள் என்று சொல்வதற்காகத்தான் சொன்னேன். அவர் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே, "அப்ப அவங்களுக்கு நிச்சயமான வருமானம் எண்டாத்தான் பிரச்சினை, என்ன மிஸ்?" என்று கேட்டார். நானும் ஓமோம் என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்ன கதை இல்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து மூதூர், கிண்ணியாக் கூட்டங்களுக்கென்று கொழும்பிலிருந்து ஒரு புதிய பிரதி வந்தது. நாங்கள் மேடையில் சொல்வதெல்லாம் தலைமைக் காரியாலயத்தில் ஒப்புதல் பெற்ற பிரதியில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் வாசிக்க வேண்டும் என்பது விதி. புதிய பிரதி பட்டினத்துப் பிரதியை விடச் சிறியது. ஆனால் அந்த மூன்று வசனங்களும், அதாவது ஆபத்துக் குறிப்பு, அதில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை இருந்தது. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, இரண்டும் தடித்த எழுத்தில். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. நான் இத்தனை காலம் கத்தியது கொழும்பின் காதில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். தொலைபேசியில் எடுத்து நன்றியும் சொன்னேன். அவர், "எல்லாம் உங்களால தான் மிஸ்" என்றார்.

மூதூரில் சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம். முப்பது முப்பத்தைந்து பெண்கள். இடியப்பம் அவித்து விற்பவர்கள், கோழி வளர்ப்பவர்கள், வெளிநாட்டில் புருஷன் உள்ளவர்கள். நான் பணப்பையைச் செய்து காட்டினேன். இரகசிய இலக்கத்தைப் புருஷனுக்கும் சொல்லக்கூடாது என்றேன். "அவருக்குத்தான் முதல் சொல்லக்கூடா" என்று பின்னால் ஒரு குரல் வர எல்லாரும் சிரித்தார்கள். காசு கட்டுமுன் திரையில் வரும் கடையின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அமத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு சேமிப்புக்கு வந்து ஆபத்துக் குறிப்பை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

ராத்தா எழுந்தார். "தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். இவ்வளவு போட்டா இவ்வளவு வரும் எண்டு நிச்சயமாச் சொல்ல ஏலுமா?"

"ஏலாது ராத்தா. சொல்லவும் கூடாது. கூடலாம், குறையலாம். போட்டதை விடக் குறைஞ்சும் வரலாம்."

"அப்ப லாபமும் வரும், நட்டமும் வரும்?"

"ஓம்."

ராத்தா பெண்களின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நிச்சயம் எண்டு ஒண்டு இல்ல. வியாபாரம் மாதிரித்தான். வட்டி எண்டா முதலே இவ்வளவு எண்டு பேசி வைப்பாங்க. இது அப்படியில்ல."

பெண்களின் முகங்கள் மலர்ந்துவிட்டன. மற்ற ஊர்களில் சனத்தை எழுப்பிக் கலைக்கும் அந்த மூன்று வசனங்களும் மூதூரில் சனத்தை உட்கார வைத்தன. அடையாள அட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். ராத்தா முதலாவது. உம்றாக் காசில் முதல் தொகையை அன்றைக்கே சேமிப்பில் போட்டார். ஆபத்துக் குறிப்பைக் கேட்டுவிட்டு ஒருவர் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னதை நான் என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அந்த நேரம் என் மனதில் ஓடிய இன்னொன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஆளைச் சேர்த்தால் சம்பளத்துக்கு மேலே சிறு தொகை ஒன்று கிடைக்கும். அந்த மாதம் எங்கள் வீட்டுக்குப் புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தது.

ஏழெட்டு மாதங்கள் போயின. நிதியைப் பற்றிய தகவல் பத்திரம் செயலிக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது என்று யாரோ முறைப்பாடு செய்ய, அதைத் தமிழிலும் போட வேண்டி வந்தது. மொழிபெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு நாள் இருந்து செய்தேன். சேமிப்பில் காசு போட்ட எல்லாருக்கும் குறுஞ்செய்தியில் அது போனது. எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்? மாவட்டத்திலேயே நாலு பேர் இருந்தால் அதிகம். அந்த நாலு பேரில் ஒருவர் ராத்தா. மிளகாய் மூட்டையில் உள்ள லேபலையே கடைசி எழுத்து வரை வாசிப்பவர் அவர்.

அடுத்த நாள் காலையில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, இதில ஒரு வரி இருக்கு. வாசிக்கிறன். 'நிதியின் பணம் திறைசேரி உண்டியல்களிலும் வங்கிகளின் நிலையான வைப்புகளிலும் இடப்படுகிறது. நிதியின் வருமானம் பெரும்பாலும் இவற்றிலிருந்து கிடைக்கும் வட்டியாகும்.' இது உங்கட தமிழ்தானே? நீங்க 'ஆகும்' எண்டு முடிக்கிற விதம் எனக்குத் தெரியும்."

"ஓம் ராத்தா."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் சங்கத்துக்கு வர ஏலுமா?" என்றார். வருகிறேன் என்றேன்.

நான் அலுமாரியைத் திறந்து பட்டினத்துப் பிரதியையும் மூதூர்ப் பிரதியையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பட்டினத்துப் பிரதியில் இரண்டாவது பந்தி, "உங்கள் காசு எங்கே போகிறது" என்று தொடங்குகிறது. அதில் அரசாங்கம் வட்டிக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலும் இருக்கிறது, வங்கி வைப்பும் இருக்கிறது, வட்டி என்ற சொல்லும் இருக்கிறது. நானே ஓர்ஸ் ஹில்லில் அதை வாசித்திருக்கிறேன். மூதூர்ப் பிரதியில் அந்தப் பந்தி அடியோடு இல்லை. அதன் இடத்தில், "மேலதிக விவரங்களைச் செயலியில் உள்ள பத்திரத்தில் காண்க" என்று ஒரு வரி. ஆபத்துக் குறிப்பு மட்டும் இரண்டு தடவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே மறைத்த சோறுதான் ஆபத்துக் குறிப்பு.

முகாமையாளருக்கு எடுத்தேன். சுற்றி வளைக்கவில்லை, அந்தப் பந்தியை யார் எடுத்தது என்று கேட்டேன்.

"மிஸ், எதுக்கு இப்ப சூடாகிறீங்க? ஆபத்துக் குறிப்ப கட்டாயம் சொல்லணும். அது இருந்திச்சு தானே? ரெண்டு தரம் இருந்திச்சு. மத்தது பத்திரத்துல இருக்கு. சட்டப்படி ஒரு பிழையும் இல்ல."

"பட்டினத்துக்கு இருக்கிறது மூதூருக்கு ஏன் இல்ல?"

"அந்தப் பக்கத்துக்கு அந்த வரி சரிவராது எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னனான்?"

"உங்கட கூட்டாளி கதை. அந்தக் கழிவறைக் கதவு. நான் அதை இஞ்ச மீட்டிங்ல சொன்னேன், எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிருச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு நல்ல பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போலச் சொன்னார்: "மிஸ், மத்த ஊர்ல ஆபத்துக் குறிப்பு எங்களுக்குத் தண்டனை. அங்க அதுதான் எங்கட விளம்பரம்."

நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு நடந்ததை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்று முகத்தில் அடித்திருப்பேன். அவர் என்னைப் பொய் சொல்ல வைக்கவே இல்லை. என் உண்மையையே எடுத்து, என் கூட்டாளியின் இரகசியத்தோடு முடிச்சுப் போட்டு, அவளிடமே விற்றுவிட்டார். என் வீட்டு மேசையில், என் சோற்றைத் தின்றுகொண்டே அதைத் திட்டம் போட்டார். சோறு போட்ட கையைக் கடிப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. அன்று பின்னேரம் வரைக்கும் குசினியில் ஏதோ ஒன்றைப் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தேன். கணவர் கடைக்குப் போய் இடியப்பம் வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை கிண்ணியாப் பாலம் வழியாக பஸ்ஸில் போனேன். பையில் பட்டினத்துப் பிரதி. வழி முழுக்க முகாமையாளரைப் பற்றி என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். எல்லாம் அவர்தான், நானும் ஏமாந்தவள்தான் என்று ராத்தாவுக்கு விளங்கப்படுத்த வேண்டும். விளங்கப்படுத்துவதுதானே என் தொழில்.

சங்கத்தில் அதே பெண்கள், அதே கதிரைகள். பகிடி இல்லை. ராத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் பேசவில்லை. "அண்டைக்கு வாசிச்ச மாதிரி இண்டைக்கும் வாசிங்க தங்கச்சி. விட்டதையும் சேத்து" என்றார். வாசித்தேன். ஒப்புதல் இல்லாத இடத்தில் ஒப்புதல் இல்லாத பிரதியை வாசித்தால் வேலை போகும் என்று தெரியும். இரண்டாவது பந்தியை வாசிக்கும்போது ஒரு பெண் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள். இன்னொருத்தி, "அந்தப் பணப்பையிலயே வச்சிருக்கலாமே, அதுக்கு வட்டி இல்லத்தானே" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது. நான் அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடிய ஒரேயொரு வசனம் அது.

வாசித்து முடித்துவிட்டு முகாமையாளரின் கதையைத் தொடங்கினேன். பந்தியை எடுத்தது கொழும்பு, எனக்கே தெரியாமல் செய்தார்கள், இப்போதுதான் இரண்டையும் வைத்துப் பார்த்தேன் என்றெல்லாம் அடுக்கினேன். ராத்தா கடைசி வரை கேட்டார்.

"சரி" என்றார். "காசு இல்ல தங்கச்சி பிரச்சினை. மௌலவிட்டக் கேட்டனான். நாங்க போட்டது எங்கட. மேலால வந்ததைக் கணக்குப் பாத்துக் கழிச்சுக் குடுத்திரலாம், தெரியாமச் செஞ்சதுக்குக் குற்றமில்ல எண்டு சொன்னவர். அல்லாஹ் கேட்டா எனக்குத் தெரியாது எண்டு சொல்லுவன். அதில எனக்குப் பயமில்ல. நான் கேக்கிறது வேற. அண்டைக்கு இந்த இடத்தில நிண்டு, அப்ப இது வட்டி இல்ல எண்டு நான் இவங்களுக்குச் சொன்னன். நீங்க எனக்குப் பக்கத்தில நிண்டீங்க. அந்த நேரம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்.

அதைத்தான் பிறகு சொல்கிறேன் என்று வைத்திருந்தேன். ராத்தா பெண்கள் பக்கம் திரும்பி அதைச் சொன்ன அந்தக் கணத்தில், ஓர்ஸ் ஹில்லில் நான் வாசித்த இரண்டாவது பந்தி என் தலைக்குள் வந்தது. திறைசேரி உண்டியல், வங்கி வைப்பு, வட்டி. வாய் திறக்கப் போனேன். கையில் இருந்த பிரதியைப் பார்த்தேன். அதில் அந்த வரி இல்லை. பிரதியில் இல்லாததைச் சொல்லக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. அந்த விதி அந்த நேரத்தில் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. பெண்கள் அடையாள அட்டையை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல கூட்டம், நல்ல மாதம். ராத்தா சந்தோஷமாக இருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஓம் ராத்தா" என்றேன். "தெரியும்."

ராத்தா மற்றவர்கள் பக்கம் திரும்பி, அவர்களிடம் காசை எப்படித் திரும்ப எடுப்பது என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். எந்தப் பொத்தான், எத்தனை நாள் பொறுக்க வேண்டும், மேலால் வந்ததை எந்த இடத்தில் பார்ப்பது என்று. என்னை விட நன்றாகச் சொன்னார். நான் கடைசி பஸ்ஸுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

வேலையை நான் விட்டேனா, அவர்கள் நிறுத்தினார்களா என்று கேட்டால் இரண்டும் ஒரே கிழமையில் நடந்தது. முகாமையாளர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அவர் மேல் உள்ள ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவரைத் திட்டத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. அவர் பிரதியில் ஒரு பந்தியைத்தான் எடுத்தார். ராத்தாவுக்கும் உண்மைக்கும் நடுவில் கடைசியாக நின்றது நான்.

இறங்குதுறைக் கழிவறைக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்திருக்கிறது என்று மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

போன மாதம் ஒரு காலை, பத்து மணி இருக்கும், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ராத்தா நின்றார். உம்றாவுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். பகையாளி வீடானாலும் போவார்கள். ராத்தாவின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. முகாமையாளர் முதல் கிழமையில் சொன்னது என் நினைவில் வந்தது. அவர் சொன்னபடியே என் வாசலில்தான் ராத்தா வந்து நின்றார்.

உள்ளே வந்து கதிரையில் நுனியில் இருந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தோடம்பழச் சாற்றை எடுத்தேன். "வேணாம் தங்கச்சி, சும்மா தண்ணி தாங்க. குளிர் வேணாம்" என்றார். அவருக்குத் தொண்டைக் கரகரப்பா, வேறு ஏதுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து நின்று சொன்னார். "இருபது வருசப் பழக்கம். நான் தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளுங்க."

அவர் எனக்கு என்ன பிழை செய்தார்? எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்ல ராத்தா" என்றேன். பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே கேட்டேன். "நீங்கள் என்னைப் பொருந்திக்கொண்டீங்களா?"

பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். செருப்பைப் போட்டார். எனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ராத்தா பொய் சொல்லமாட்டார்.

"போற இடத்தில கேக்கிறன் தங்கச்சி, அந்த மனசத் தா எண்டு" என்றார். "வரும். வராமலும் விடும். இப்ப நிச்சயமாச் சொல்ல ஏலாது."

படலையைச் சாத்திவிட்டு இறக்கத்தில் இறங்கிப் போனார். அந்தத் தெருவில் அவர் போக வேண்டிய வீடு இன்னும் ஒன்று இருந்தது.